பதிவேற்றிய ஒரு படம் எதை நிறுவும்? மூலக் கோப்பை எப்போது கேட்க வேண்டும்?

2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனில் அன்று அன்னையர் தினம். வேல்ஸ் இளவரசி கேட் தன் மூன்று பிள்ளைகளோடு சிரித்தபடி இருக்கும் படம் ஒன்றைக் கென்சிங்டன் அரண்மனை வெளியிட்டது. ஜனவரியில் அவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு வந்த முதல் அதிகாரபூர்வப் படம் அது. எடுத்தவர் இளவரசர் வில்லியம் என்றும், அந்த வாரத்தில் விண்ட்சரில் எடுத்தது என்றும் அரண்மனை சொன்னது. அன்றிரவே ஏபி, ஏஎஃப்பி, ராய்ட்டர்ஸ், கெட்டி ஆகிய நான்கு செய்திப்பட ஏஜென்சிகள் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இனி யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தன. மறுநாள் கேட் பெயரில் ஒரு சிறு மன்னிப்புக் குறிப்பு வந்தது: பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் பலரையும் போலத் தானும் அவ்வப்போது எடிட்டிங் செய்து பார்ப்பதுண்டு என்று.

அப்புறம் இணையம் இரண்டாகப் பிரிந்தது. ‘படம் முழுக்கப் போலி, அவர் அந்த இடத்திலேயே இல்லை’ என்றது ஒரு கூட்டம். ‘சட்டையில் சின்ன டச்சப், இதற்கா இவ்வளவு?’ என்றது இன்னொன்று. இரண்டு தரப்பும் கையில் வைத்திருந்தது ஒரே ஒரு பதிவேற்றிய படம். அந்தப் படத்தை வைத்து இவற்றில் எதையுமே சொல்லியிருக்க முடியாது. ஏன் என்று பார்க்க, படம் என்ற பெயரில் நம் திரைக்கு வந்து சேர்வது என்ன என்பதில் தொடங்க வேண்டும்.

## நம் கையில் இருப்பது எத்தனையாவது பிரதி?

ஒரு படம் கேமராவில் பிறந்து நம் திரைக்கு வருவதற்குள் பல கோப்புகளாக மாறுகிறது.

1. ரா கோப்பு. சென்சாரில் விழுந்த ஒளியின் அளவுகள், ஏறக்குறைய அப்படியே. கேட் படத்தை எடுத்த கேனன் 5டி மார்க் 4 கேமராவில் இதன் பெயர் `.CR2` என்று முடியும். பெரும்பாலானவர்கள் போனில் ரா எடுப்பதில்லை.
2. கருவி எழுதிய முதல் ஜேபெக். கேமராவோ போனோ தானே நிறம், கூர்மை எல்லாம் சரிசெய்து சுருக்கி எழுதுவது. புதிய ஐபோன்களில் இது `.HEIC` ஆக இருக்கலாம்.
3. எடிட் செய்து சேமித்த கோப்பு. ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளிலிருந்து வெளியே வருவது.
4. பதிவேற்றிய பிரதி. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், எக்ஸ் ஆகியவை தங்கள் வசதிக்கு மறுபடி சுருக்கியது.
5. ஸ்கிரீன்ஷாட். மேலே சொன்ன எதையாவது திரையில் காட்டி, அந்தத் திரையைப் படமெடுத்தது.

நாம் மூலக் கோப்பு என்று கேட்பது முதல் இரண்டில் ஒன்றை. ஆனால் நமக்கு வருவது பெரும்பாலும் நான்கோ ஐந்தோதான்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு விஷயங்கள் தொலைகின்றன. ஒன்று, பிக்சல். 4000-க்கு 3000 அளவில், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் தன் வழக்கமான முறையில் அனுப்பும்போது, நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குக் குறைந்துவிடும். மிச்சம் இருப்பது 20 லட்சத்துக்கும் குறைவு. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதோடு ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கத்தைத் தூக்கிப் போடுகிறது. மறுபடி மறுபடி சுருக்கும்போது இது ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதைதான்.

இரண்டாவது, மெட்டாடேட்டா. படத்தோடு சேர்த்துக் கோப்புக்குள் எழுதப்படும் விவரங்கள் இவை: எந்தக் கருவி, எந்த லென்ஸ், எடுத்த நாள், நேரம், ஜிபிஎஸ் இயக்கத்தில் இருந்தால் இடம், எடிட் செய்த மென்பொருளின் பெயர். கேமரா எழுதும் பகுதிக்கு எக்சிஃப் என்று பெயர். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இது முழுக்க உதிர்ந்துவிடும். மற்ற சமூக வலைத்தளங்களிலிருந்து இறக்கும் பிரதியிலும் பொதுவாக இருக்காது. இதில் சதி எதுவும் இல்லை. வீட்டில் எடுத்த படத்தோடு வீட்டின் ஜிபிஎஸ் இருப்பிடமும் சேர்ந்து போகாமல் இருப்பது நல்லதுதானே.

கோப்பின் பெயரும் ஆளைக் குழப்பும். `IMG-20240310-WA0012.jpg` என்று இருந்தால், ‘மார்ச் 10-ல் எடுத்தது, பெயரிலேயே இருக்கிறது பாருங்கள்’ என்று பலர் சொல்வார்கள். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் இடும் பெயர் அது. அந்தப் படம் வாட்ஸ்அப் வழியாக அந்தப் போனைத் தொட்ட நாளைத்தான் அது காட்டுகிறது. பத்து வருடப் பழைய படம் இன்று வந்தாலும் இன்றைய தேதியே விழும். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. கூகுள் பிக்சல் போன்களில் கோப்பின் பெயர் உலக நேரத்தில் எழுதப்படுகிறது. சென்னையில் காலை 10 மணிக்கு எடுத்த படம் `PXL_20240310_0430...` என்று பெயர் பெறும். உள்ளே இருக்கும் எக்சிஃப் நேரமோ 10 மணி என்று உள்ளூர்க் கணக்கில் சொல்லும். இந்த ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு ‘பொய் பிடிபட்டது’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வது எழுதியவர்தான்.

## ஒரு பிரதியே போதும் என்கிற இடங்கள்

இவ்வளவு இழந்த பிரதியும் சில விஷயங்களை உறுதியாகச் சொல்லும். அப்படிச் சொல்வதில் பெரும்பாலானவை ‘இது இல்லை’ என்ற மறுப்பு வகை.

படத்துக்குள்ளேயே முரண்பாடு. கேட் படத்தில் ஏபி நிறுவனம் காரணமாகச் சொன்னது ஒரே இடத்தைத்தான்: கேட்டின் மகள் இளவரசி சார்லட்டின் இடது கை. ஸ்வெட்டர் கையின் விளிம்பும் மணிக்கட்டும் சேர வேண்டிய இடத்தில் பொருந்தவில்லை. துணியின் ஓரம் நடுவில் திடீரென்று நின்றுபோயிருந்தது. மங்கலான லென்ஸோ கை அசைவோ இப்படிச் செய்யாது. அசைவு இருந்தால் ஓரம் கலங்கும், இப்படிக் காணாமல் போகாது. வெவ்வேறு பிக்சல்களை ஒட்டியதன் தையல் அது. கேட்டின் ஜிப்பிலும் இதே மாதிரி ஒரு விலகல் இருப்பதைப் பலர் காட்டினார்கள். கேமரா தந்தபடியே இந்தப் படம் வரவில்லை என்று சொல்ல இது போதும். மூலக் கோப்பு தேவையில்லை.

முன்பே வந்த படம். 2011-ல் ஐரீன் புயலின்போது, போர்ட்டோ ரிக்கோவில் வெள்ளம் நிற்கும் சாலையில் சுறா நீந்துவதாக ஒரு படம் பரவியது. அதில் இருந்த சுறா, தென்னாப்பிரிக்கக் கடலில் தாமஸ் பெஷாக் எடுத்து 2005-ல் வெளியான புகழ்பெற்ற படத்திலிருந்து வெட்டியது. சிறு படகில் ஒருவர் போக, பின்னால் வெள்ளைச் சுறா தொடரும் படம் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சுறாவின் கோணம், நீரில் தெரியும் நிழல் எல்லாம் ஒன்றே. சாலைப் படத்தின் மூலக் கோப்பை யாரும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை: பெஷாக்கின் அசல் படத்தையே போலி என்று நினைத்தவர்கள் நிறைய பேர். நம்ப முடியாத மாதிரி இருப்பது போலிக்கு ஆதாரமாகாது.

கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற படத் தேடுபொறிகளில் தேடும்போது ஒரு எல்லையை மறக்கக் கூடாது. 2019-ல் வந்த பக்கம் ஒன்று கிடைத்தால், படம் 2024-ல் எடுத்தது அல்ல என்பது தீர்ந்தது. எதுவுமே கிடைக்கவில்லை என்றால் படம் புதியது என்று அர்த்தமில்லை. அந்தத் தேடுபொறி அதைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இடம். கடைப் பெயர்ப் பலகை, மின்கம்பத்தின் வடிவம், மலை விளிம்பு இவற்றை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். சுருங்கிய பிரதியிலும் இது பெரும்பாலும் நடக்கும், ஏனென்றால் தேவைப்படுவது பெரிய உருவங்கள்தான்.

## ஒரு பிரதியால் முடியாதவை

கேட் படத்தில் தையல் இருக்கிறது என்பது வரை சரி. அதற்குப் பிறகு வந்த கேள்விகள் மூன்று: என்ன மாற்றப்பட்டது? எப்போது எடுத்தது? எதற்காக மாற்றினார்கள்? இந்த மூன்றுக்குமே படத்தில் பதில் இல்லை.

என்ன மாற்றப்பட்டது என்பதைப் பார்ப்போம். சட்டையில் ஒரு தையல் தெரிந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும். அந்தத் தையலுக்கு மறுபுறம் முன்பு என்ன இருந்தது என்பது தெரியாது, அழிந்த பிக்சல் அழிந்ததுதான். மூன்று குழந்தைகளை ஒரே நேரத்தில் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வீட்டில் முயன்றவர்களுக்குத் தெரியும். அடுத்தடுத்து எடுத்த பல படங்களிலிருந்து நல்ல முகங்களைச் சேர்த்து ஒட்டியிருந்தாலும் இதே தையல் வரும். வேறொரு நாள் எடுத்த ஆளைக் கொண்டுவந்து வைத்திருந்தாலும் இதே தையல் வரும். முதலாவது குடும்ப ஆல்பத்துக்குப் பரவாயில்லை என்ற ரகம், இரண்டாவது மோசடி. இரண்டையும் பிரித்துச் சொல்லும் தகவல் அந்தப் பிரதியில் இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் ஊகங்கள் புகுந்தன. 2016-ல் வோக் இதழின் அட்டையில் வந்த கேட்டின் முகத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று ஒரு வாதம் பெரிதாக ஓடியது. இரண்டு முகங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினார்கள். ஒரே ஆளின் முகம் இரண்டு படங்களில் ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருந்தால் பொருந்தத்தானே செய்யும்? சுறா விஷயத்தில் பொருந்தியதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கே நீரின் அலை, ஒளி, நிழல் போன்ற திரும்ப வர முடியாத விவரங்கள் ஒத்துப்போயின. இங்கே ஒத்துப்போனது கண், மூக்கு, வாயின் இடைவெளி. அது அந்த மனிதரோடு எப்போதும் இருப்பது.

இன்னொரு பொறி, ‘இஎல்ஏ’ என்று சொல்லப்படும் சோதனை. ஃபோட்டோஃபாரன்சிக்ஸ் போன்ற தளங்களில் படத்தைப் போட்டால் கறுப்புப் பின்னணியில் சில இடங்கள் பளிச்சென்று வரும். பளிச்சென்று வந்த இடம் ஒட்டு வேலை என்று சிவப்பு வட்டம் போட்டுப் பகிர்வார்கள். சோதனை செய்வது இதுதான்: படத்தை ஒரு குறிப்பிட்ட தரத்தில் மறுபடி ஜேபெக்காகச் சேமித்து, முன்னதற்கும் பின்னதற்கும் எவ்வளவு மாறியது என்று காட்டுகிறது. ஒட்டிய பகுதி வேறு அளவு சுருக்கப்பட்டிருந்தால் அது வித்தியாசமாக மாறும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் கூர்மையான ஓரம், எழுத்து, அடர்த்தியான துணி வேலைப்பாடு இவையும் இயல்பாகவே பளிச்சென்று வரும். அதோடு வாட்ஸ்அப் படம் முழுவதையும் அளவு குறைத்து ஒரே தரத்தில் சுருக்கிவிட்டால், ஒட்டிய பகுதிக்கும் மற்றதற்கும் இருந்த பழைய வித்தியாசம் பெரும்பாலும் அழிந்துபோகிறது. ஃபார்வர்டு ஆகி வந்த படத்துக்கு இந்தச் சோதனை செய்வது வீண் வேலை என்றே நான் சொல்வேன். ஒட்டு இருந்தும் காட்டாது, இல்லாத இடத்தில் காட்டும்.

## மெட்டாடேட்டா கிடைத்தால் எவ்வளவு தூரம் போகலாம்?

கேட் படக் கோப்பின் உள்விவரங்களைச் செய்தி நிறுவனங்கள் படித்தன. கேமரா கேனன் 5டி மார்க் 4. ஆப்பிள் மேக் கணினியில் ஃபோட்டோஷாப் வழியாக இரண்டு முறை சேமிக்கப்பட்டிருந்தது: மார்ச் 8 வெள்ளி இரவு 9.54, மார்ச் 9 சனி காலை 9.39.

இதைப் ‘படம் எடுத்த நேரம்’ என்று எடுத்துக்கொண்டுவிடுவது எளிது. அவை சேமித்த நேரங்கள். வெள்ளி இரவில் அந்தக் கணினியில் அந்தக் கோப்பு இருந்தது என்பதற்கு அவை நல்ல சான்று. ஷட்டர் எப்போது விழுந்தது என்பதற்கு அல்ல. நீங்களே பார்க்க நினைத்தால், கணினியில் எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் இந்த ஒரு வரி போதும்:

```
exiftool -a -G1 -s photo.jpg
```

வரும் பட்டியலில் `DateTimeOriginal` எடுத்த நேரம். `ModifyDate` கடைசியாக மாற்றிய நேரம். `Software` எதிரே போனின் பதிப்பு எண் இருந்தால் அது கருவி எழுதியது, எடிட்டிங் மென்பொருளின் பெயர் இருந்தால் கோப்பு அதன் வழியாக வந்திருக்கிறது. `FileModifyDate` என்று வருவது உங்கள் கணினியில் கோப்பு எழுதப்பட்ட நேரம், அதைப் படத்தின் நேரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதே மென்பொருளால் தேதியை மாற்றி எழுதவும் முடியும், அதற்கும் ஒரு வரிதான்:

```
exiftool -DateTimeOriginal="2024:03:08 10:15:00" photo.jpg
```

அதனால் மெட்டாடேட்டாவை மட்டும் வைத்து எதையும் முடிக்கக் கூடாது. படத்தில் தெரியும் வெயில், நிழல், அன்றைய வானிலை, அனுப்பியவர் சொல்லும் கதை இவற்றோடு அது பொருந்துகிறதா என்று பார்ப்பதில்தான் அதன் பயன். கேமராவின் கடிகாரம் தவறாக ஓடியிருக்கவும் வாய்ப்புண்டு. போன்கள் நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை எடுப்பதால் இந்தப் பிரச்சினை பெரிய கேமராக்களில்தான் அதிகம்.

## அப்படியானால் எப்போது கேட்பது?

கேட்கும் முன் ஒரு கேள்வி: உங்கள் முடிவு எந்தத் தகவலைச் சார்ந்திருக்கிறதோ, அது பதிவேற்றும்போது தொலைந்ததா, அல்லது முதலிலிருந்தே படத்தில் இல்லாததா?

பழைய படம் என்று தேடலிலேயே தெரிந்துவிட்டால் கேட்க வேண்டாம். ‘இது எங்கள் ஊர்ப் பாலம்’ என்பதைப் பாலமே காட்டினால் கேட்க வேண்டாம். படத்தில் இருப்பவர் ஏன் அழுகிறார் என்பது கேள்வி என்றால் ரா கோப்பே வந்தாலும் பதில் வராது. அதற்கு ஆளைத்தான் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய இடங்கள் மூன்று:

1. நேரமே செய்தியாக இருக்கும்போது. மதகைத் திறப்பதற்கு முன்பே தெருவில் தண்ணீர் இருந்ததா, அடிதடிக்கு முன்பே கண்ணாடி உடைந்திருந்ததா என்பது போன்றவை.
2. சின்ன விவரமே செய்தியாக இருக்கும்போது. வண்டி எண், ஆவணத்தில் ஒரு இலக்கம், கையில் இருப்பது போனா ஆயுதமா என்பது. சுருங்கிய பிரதியில் இல்லாத எழுத்தை எந்தக் கூர்மையாக்கும் செயலியும் மீட்காது. அது ஊகித்து வரைந்து தரும்.
3. தையல் கண்ணில் பட்டு, ஆனால் காரணம் தெரியாதபோது. கேட் படம் இந்த வகை. ஏஜென்சிகள் அரண்மனையிடம் எடிட் செய்யாத படத்தைக் கேட்டது இதனால்தான்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘ஒரிஜினல் அனுப்புங்க’ என்றால் அனுப்புகிறவர் கேலரியைத் திறந்து அதே படத்தை மறுபடி வாட்ஸ்அப்பில் போடுவார், அது மறுபடி சுருங்கி வரும். ‘எச்டி’ என்று தேர்ந்தெடுத்தாலும் அளவு கூடுமே தவிர, அது மூலக் கோப்பு ஆகாது. வாட்ஸ்அப்பில் இணைப்புக் குறியைத் தொட்டு, ‘ஆவணம்’ என்பதைத் தேர்ந்து, அதன் வழியாகக் கோப்பை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டெலிகிராமில் ‘ஃபைலாக அனுப்பு’ என்ற வழி உண்டு. மின்னஞ்சலில் இணைப்பாகவும் அனுப்பலாம்.

அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: இதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். என் கணிப்பில் மூலக் கோப்பைவிட இதற்கு மதிப்பு அதிகம். ஒரு கோப்பின் தேதியை மாற்றுவது எளிது. ஒரே இடத்தில், நகரும் நிழலோடும் மாறும் ஆட்களோடும், தொடர்ச்சியான எண்களில் ஏழெட்டுப் படங்களை உருவாக்குவது மிகவும் கடினம். நிஜமாகவே அங்கே நின்று எடுத்தவரிடம் ஒரே ஒரு படம் மட்டும் இருப்பது அபூர்வம்.

கோப்பு வந்ததும் பிரதி எடுத்து வைத்து, மூலத்தைத் திறக்காமல் அதன் ஹேஷ் மதிப்பைக் குறித்துக்கொள்வது நல்லது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் நீண்ட எண் அது. உள்ளே ஒரு பிட் மாறினாலும் மொத்தமாக வேறாகிவிடும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது இணைக்கும் சான்றிதழிலும் இந்த ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். அனுப்பியவரின் இருப்பிடம் கோப்புக்குள் இருக்கலாம் என்பதால், அதை அப்படியே மற்றவர்களுக்குத் தள்ளிவிடவும் கூடாது.

## மூலக் கோப்பு வந்த பிறகும்

கருவி எழுதிய முதல் கோப்பே ஒட்டு வேலையாக இருக்கும் காலம் இது. இருட்டில் எடுக்கும்போது போன்கள் பல படங்களை எடுத்து ஒன்றாக்கித்தான் ஒரு கோப்பை எழுதுகின்றன. 2023-ல் வந்த பிக்சல் 8, அடுத்தடுத்து எடுத்த குழுப் படங்களிலிருந்து ஒவ்வொருவரின் நல்ல முகத்தையும் எடுத்து ஒரே படத்தில் வைக்கும் வசதியைத் தானே தருகிறது. வில்லியம் கேனனுக்குப் பதில் அந்தப் போனில் எடுத்திருந்தால், ஃபோட்டோஷாப் பக்கமே போகாமல் கிட்டத்தட்ட இதே வேலை நடந்திருக்கும். ஆகவே மூலக் கோப்பு என்பதைக் கருவி முதலில் எழுதியது என்று மட்டும் புரிந்துகொள்ள வேண்டும். அச்சிட்ட படத்தையோ கணினித் திரையையோ போனில் படமெடுத்தால் அதற்கும் கச்சிதமான எக்சிஃப்போடு ஒரு மூலக் கோப்பு கிடைக்கும்.

கேட்டும் தரவில்லை என்றால்? எடிட் செய்யாத படத்தை வெளியிடப் போவதில்லை என்று கென்சிங்டன் அரண்மனை சொல்லிவிட்டது. தராததற்குக் காரணம் பல இருக்கலாம். குழந்தையின் முகச்சுளிப்பை உலகத்துக்குக் காட்ட விருப்பமில்லாமலும் இருக்கலாம். மறுப்பு எதையும் நிரூபிக்கவில்லை. ஏஜென்சிகளும் படம் பொய் என்று தீர்ப்பு எழுதவில்லை. மாற்றப்பட்டது தெரிகிறது, மாறாததைப் பார்க்க முடியவில்லை, எங்கள் விதிப்படி விநியோகிக்க முடியாது என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டன. சில நாட்களில் கெட்டி, அரண்மனை முன்பு வெளியிட்ட இன்னொரு படத்தையும் திரும்பிப் பார்த்தது. எலிசபெத் ராணி 2022 ஆகஸ்டில் பால்மோரலில் பேரப்பிள்ளைகளோடும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளோடும் இருக்கும் படம் அது. அதை நீக்கவில்லை. படத்தைத் தந்தவர் தரப்பிலேயே டிஜிட்டலாக மேம்படுத்தப்பட்டது என்ற குறிப்பை மட்டும் சேர்த்தது.

நாமும் பகிரும்போது அந்த அளவோடு எழுதலாம். ‘மார்ச் 8 அன்று விண்ட்சரில் எடுத்த படம்’ என்பதற்குப் பதில், ‘விண்ட்சரில் அந்த வாரம் எடுத்ததாக அரண்மனை சொல்லும் படம், சார்லட்டின் இடது கை ஓரத்தில் மாற்றம் தெரிகிறது, எடிட் செய்யாத கோப்பு கேட்டும் கிடைக்கவில்லை.’